பன்னிரண்டு பேரா, இருபத்து நான்கு பேரா?

எம்.எட். படிக்கும் ஓர் ஆசிரியை சென்ற ஆண்டு தன் செயல் ஆய்வு அறிக்கையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஏழாம் வகுப்புக்குப் பின்னங்களைக் காகிதம் மடித்துக் கற்பித்திருக்கிறார். அதற்கு முன் 25 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு, இரண்டு வாரம் கழித்து அதே கடினத்தில் இன்னொரு தேர்வு. முடிவுரையில் ஒரே வரி: "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை."

"பிள்ளைங்க நல்லாத்தான் போட்டிருக்காங்க சார். கணக்குதான் இல்லைன்னு சொல்லுது" என்றார். அவர் குரலில் இருந்தது ஏமாற்றம் மட்டுமல்ல, சந்தேகமும்தான். அந்தச் சந்தேகம் நியாயமானது.

ஆளை அடையாளம் காண முடியாதபடி மதிப்பெண்களை மாற்றி, வகுப்பையும் சிறிதாக்கித்தான் இங்கே எழுதுகிறேன். நடந்த தவறும் அது நடந்த விதமும் மாறவில்லை.

வகுப்பில் பதினைந்து பேர். முன்தேர்வு எழுதியவர்கள் 14, பின்தேர்வு எழுதியவர்கள் 13. இரண்டையும் எழுதியவர்கள் 12 பேர். விரிதாளில் முன்தேர்வு மதிப்பெண்கள் ஒரு பத்தியிலும் பின்தேர்வு மதிப்பெண்கள் பக்கத்துப் பத்தியிலும் இருந்தன. வரிசை எண்ணோ பெயரோ இல்லை. விடைத்தாள் கட்டைத் திருத்திய வரிசையிலேயே மேலிருந்து கீழாக எண்களை அடித்திருக்கிறார்.

முதலில் அவர் சரியானதைத்தான் செய்யப் பார்த்திருக்கிறார். எக்செலில், இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனைக்கான சூத்திரத்தில் கடைசியாக ஓர் எண் கேட்கும். 1 என்றால் இணை மாதிரி. 2 என்றால் சார்பற்ற இரு மாதிரிகள், பரவல் சமம் என்ற அனுமானத்தோடு. 3 என்றால் அந்த அனுமானம் இல்லாமல். அவர் 1 கொடுத்தார். ஒரு பத்தியில் 14 எண், மறுபத்தியில் 13 எண். எக்செல் `#N/A` என்றது. 2 கொடுத்தார். விடையாக ஒரு பி மதிப்பு வந்தது, வழக்கமான 0.05 எல்லையைவிடப் பெரிது. வந்ததை எழுதிவிட்டார்.

```
=T.TEST(B2:B15,C2:C14,2,1)   → #N/A
=T.TEST(B2:B15,C2:C14,2,2)   → 0.065
```

எந்தச் சோதனை பொருந்தும் என்பதை இங்கே ஆய்வாளர் முடிவு செய்யவில்லை, பிழைச் செய்தி முடிவு செய்துவிட்டது. நான் பார்த்த அறிக்கைகளில் பாதிக்கு மேல் தவறு இப்படித்தான் நடக்கிறது. இரண்டு சோதனைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டால் ஒப்பிப்பார்கள். தாளில் எண்கள் உட்கார்ந்திருக்கும் விதம் அவர்களை வேறு பக்கம் தள்ளிவிடும்.

இணை மாதிரிச் சோதனைக்கு எண்ணிக்கை சமமாக இருக்கவேண்டும் என்பது ஒரு தடை அல்ல, ஒரு கேள்வி. இந்த முன்தேர்வு மதிப்பெண்ணும் இந்தப் பின்தேர்வு மதிப்பெண்ணும் ஒரே பிள்ளையுடையதா என்று அது கேட்கிறது. 14-க்கும் 13-க்கும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை, அதனால்தான் `#N/A`. விடைத்தாள்களை எடுத்துவரச் சொன்னேன். நல்லவேளை, பெயர் எழுதியிருந்தது. இரண்டு கட்டையும் தரையில் பரப்பி, பெயருக்குப் பெயர் ஜோடி சேர்த்தோம். அரைமணி நேர வேலை.

ஜோடி சேராமல் மூன்று தாள் மிஞ்சின. முன்தேர்வு மட்டும் எழுதிய இருவரின் மதிப்பெண்கள் 5, 7. பின்தேர்வு மட்டும் எழுதியவர் 18. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. மூவரையும் சேர்த்து வைத்திருந்தபோது முன்தேர்வுச் சராசரி 12, பின்தேர்வுச் சராசரி 15.2. மூன்றுக்கும் சற்று மேலான உயர்வு. அவர்களை நீக்கியதும் முன்தேர்வுச் சராசரி 13, பின்தேர்வுச் சராசரி 15. உயர்வு 2. அதாவது அந்த மூன்று புள்ளி உயர்வில் ஒரு புள்ளிக்கு மேல் யாரும் எதையும் கற்றதால் வந்ததல்ல. கணக்கில் பின்தங்கிய இருவர் இரண்டாம் தேர்வுக்கு வரவில்லை, நன்றாகப் போடும் ஒருவர் முதல் தேர்வுக்கு வரவில்லை. வருகைப் பதிவேடு கற்பித்தல் வேடம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

இதைச் சொன்னதும் ஆசிரியைக்கு முகம் வாடிவிட்டது. "மூணே பத்தலைங்குது, ரெண்டுன்னா எப்படி சார் பத்தும்?"

ஜோடி சேர்த்த அட்டவணை இது:

| மாணவர் | முன் | பின் | வேறுபாடு |
|---|---|---|---|
| 1 | 8 | 12 | 4 |
| 2 | 15 | 16 | 1 |
| 3 | 11 | 15 | 4 |
| 4 | 19 | 21 | 2 |
| 5 | 6 | 9 | 3 |
| 6 | 13 | 12 | −1 |
| 7 | 17 | 19 | 2 |
| 8 | 10 | 15 | 5 |
| 9 | 21 | 21 | 0 |
| 10 | 9 | 12 | 3 |
| 11 | 14 | 14 | 0 |
| 12 | 13 | 14 | 1 |

முன்தேர்வுப் பத்தியை மட்டும் பாருங்கள். 6 முதல் 21 வரை சிதறிக் கிடக்கிறது. திட்ட விலக்கம் 4.5. பின்தேர்வுப் பத்தியும் 9 முதல் 21 வரை, திட்ட விலக்கம் 3.7. இவ்வளவு பரந்து கிடக்கும் எண்களுக்கு நடுவே இரண்டு புள்ளி உயர்வு கண்ணில் படாது.

இப்போது கடைசிப் பத்தி. −1 முதல் 5 வரைதான். திட்ட விலக்கம் 1.86. பிள்ளைக்குப் பிள்ளை இருந்த பெரிய ஏற்றத்தாழ்வு எங்கே போயிற்று? கழித்தலில் போய்விட்டது. ஐந்தாம் மாணவர் 6 எடுப்பவர், ஒன்பதாம் மாணவர் 21 எடுப்பவர். அது அவர்களின் பழைய கதை. அவரவர் மதிப்பெண்ணை அவரவர் மதிப்பெண்ணிலிருந்தே கழிக்கும்போது அந்தப் பழைய கதை இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது இரண்டு வாரத்தில் நடந்தது மட்டும்.

இணை மாதிரி டி-சோதனை என்பது இந்தக் கடைசிப் பத்தியைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. பெயரில் இரண்டு மாதிரி இருந்தாலும் உண்மையில் அது ஒற்றைப் பத்திச் சோதனை. இந்த வேறுபாடுகளின் சராசரி பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது மட்டுமே அதன் கேள்வி.

```
வேறுபாடுகளின் சராசரி = 2.00
திட்டப் பிழை = 1.86 / √12 = 0.537
t = 2.00 / 0.537 = 3.73,  df = 11,  p ≈ 0.003
```

அதே பன்னிரண்டு பேரைச் சார்பற்ற மாதிரிச் சோதனைக்குக் கொடுத்தால், அது முன்தேர்வு எழுதியவர்கள் ஒரு கூட்டம், பின்தேர்வு எழுதியவர்கள் வேறொரு கூட்டம், ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்று எடுத்துக்கொள்ளும். அதன் கண்ணில் இருப்பவர்கள் இருபத்து நான்கு பேர்.

```
திட்டப் பிழை = √(17.18 × 2/12) = 1.69
t = 2.00 / 1.69 = 1.18,  df = 22,  p ≈ 0.25
```

மேலே உள்ள 2.00 இரண்டிலும் மாறவில்லை. கீழே உள்ள திட்டப் பிழைதான் மூன்று மடங்கு வேறுபடுகிறது. எண்களில் சொன்னால், இணைச் சோதனையின்படி உண்மையான சராசரி உயர்வுக்கான 95 சதவீத இடைவெளி 0.8 முதல் 3.2 வரை. சார்பற்ற சோதனையின்படி −1.5 முதல் 5.5 வரை. அதாவது வகுப்பு ஒன்றரை மதிப்பெண் கீழே போயிருக்கலாம் என்றும் அது சொல்கிறது. பன்னிரண்டு பேரில் ஒரே ஒருவர், அதுவும் ஒரே மதிப்பெண் குறைந்திருக்கும் அட்டவணையைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்வது விநோதம்தான். அந்த அட்டவணையின் கடைசிப் பத்தி அதற்குக் காட்டப்படவே இல்லை.

இரண்டையும் இணைக்கும் கண்ணி ஒட்டுறவுக் கெழு. முன்தேர்வில் நன்றாக எழுதியவர் பின்தேர்விலும் நன்றாக எழுதும் போக்கை அளப்பது அது. இங்கே அதன் மதிப்பு 0.92. ஒரே வகுப்பை இருமுறை அளந்தால் பொதுவாக உயர்வாகத்தான் இருக்கும். வேறுபாட்டின் மாறுபாட்டுக்கு உரிய சமன்பாட்டில் இது Cov என்ற உடன்மாறுபாட்டின் வடிவில் உட்கார்ந்திருக்கிறது:

```
Var(பின் − முன்) = Var(பின்) + Var(முன்) − 2·Cov(முன், பின்)
3.45 = 14.00 + 20.36 − 2 × 15.45
```

சார்பற்ற சோதனை கடைசி உறுப்பைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது. 34-இல் 31-ஐக் கழிக்க மறந்துவிட்டு, முழு 34-ஐயும் சிதறல் என்று சொல்கிறது.

இதைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று நினைத்து, விரிதாளில் முன்தேர்வுப் பத்தியை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னேன். பின்தேர்வுப் பத்தி இருந்தபடியே. ஜோடிகள் குலைந்துவிட்டன. ஒட்டுறவு −0.02 ஆயிற்று. அதே இணைச் சோதனையை ஓட்டினோம், டி மதிப்பு 1.17. சார்பற்ற சோதனை தந்த 1.18-க்கும் இதற்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. உங்கள் தரவுக்கு எது பொருந்தும் என்று தெரியாவிட்டால் மனதுக்குள் இதைச் செய்து பாருங்கள். ஒரு பத்தியைக் குலுக்கிப் போட்டால் ஏதாவது தகவல் அழிகிறதா? அழிந்தால் அது இணை. இரு வேறு வகுப்புகளின் மதிப்பெண்களில் ஒன்றைக் குலுக்கினால் எதுவும் அழியாது. ஏ பிரிவின் முதல் மாணவருக்கும் பி பிரிவின் முதல் மாணவருக்கும் என்ன உறவு? வரிசை எண் ஒன்று, அவ்வளவுதான்.

அடுத்து இரண்டு பத்தியையும் தனித்தனியே ஏறுவரிசையில் அடுக்கினோம். டி மதிப்பு 6.14. ஆசிரியை சிரித்துவிட்டார். உண்மையில் கிடைத்ததைவிட நல்ல முடிவு! ஆறாம் மாணவரின் சரிவு மாயமாகிவிட்டது. ஒருவர்கூடக் குறையவில்லை என்று தாள் சொல்கிறது. தேர்வில் பெயரே எழுதாத தாள்களை வைத்துக்கொண்டு, "அதிகம் எடுத்தவனுக்கு அதிகம் எடுத்தவன்" என்று ஜோடி சேர்த்து அனுப்பும் அறிக்கைகளில் நடப்பது இதுதான். ஒட்டுறவு 0.98, 0.99 என்று வந்து, ஒருவர்கூடக் குறையாமலும் இருந்தால், நான் முதலில் விடைத்தாளைத்தான் கேட்பேன்.

பெயரோ எண்ணோ இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது? இணை சேர்க்க வழியில்லை. சார்பற்ற சோதனையை ஓட்டலாம், ஆனால் அது பொருந்தும் சோதனை என்று சொல்லிக்கொண்டல்ல. ஒட்டுறவு நேராக இருக்கும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் அது திட்டப் பிழையைப் பெரிதாக்கிக் காட்டும், ஆகவே இருக்கும் வேறுபாட்டையும் தவறவிடலாம் என்று அறிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். பெயர் எழுதவைத்தால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று எண்ணுபவர்கள், ஆளுக்கொரு ரகசிய எண் கொடுத்து இரு தேர்விலும் அதையே எழுதச் சொல்லலாம்.

இந்தக் குழப்பம் நம்மூர் எம்.எட். மாணவர்களுக்கு மட்டும் வருவதல்ல. டி-சோதனை பிறந்த கட்டுரையிலேயே அதன் விதை இருக்கிறது. டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908-இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். எடுத்துக்காட்டுக்கு அவர் எடுத்தது, அமெரிக்காவின் மிச்சிகனில் கலமாசூ மனநல மருத்துவமனையில் பத்து நோயாளிகளுக்குத் தூக்கமருந்துகள் கொடுத்து அளந்த தரவு. குஷ்னியும் பீபிள்ஸும் 1905-இல் வெளியிட்டது. ஒரு மருந்தில் சராசரியாக 0.75 மணி நேரம் கூடுதல் தூக்கம், இன்னொன்றில் 2.33 மணி நேரம். ஒரே பத்துப் பேர்தான் இரண்டு மருந்தையும் உட்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் கழித்துக் கிடைத்த பத்து வேறுபாடுகளைத்தான் கோசெட் எடுத்துக்கொண்டார்.

அந்தத் தரவு இன்று ஆர் மென்பொருளில் `sleep` என்ற பெயரில் கூடவே வருகிறது. இருபது வரிகள், `extra`, `group`, `ID` என்று மூன்று பத்திகள். `group` என்ற பெயரைப் பார்த்ததும் இரண்டு குழு என்று கை தானாகப் போகும். அந்தப் பெயர் தவறாக வழிநடத்தலாம், இவை பத்துப் பேரின் அளவீடுகள், குழுக்கள் அல்ல என்று உதவிப் பக்கமே எச்சரிக்கிறது. ஓட்டிப் பார்க்கலாம்:

```r
a <- sleep$extra[sleep$group == 1]
b <- sleep$extra[sleep$group == 2]
t.test(b, a)                  # p = 0.079
t.test(b, a, paired = TRUE)   # p = 0.0028
```

ஆசிரியையின் தாளில் நடந்ததும் இதுவேதான். இங்கே `ID` பத்தி இருக்கிறது, அவரிடம் அதுவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு குறுக்குப் புத்தி வரும். இரண்டையும் ஓட்டிப் பார்த்து, பி மதிப்பு சிறிதாக வருவதை எழுதினால் என்ன? கூடாது. தேர்வு நடத்தும் முன்பே, யாரை எத்தனை முறை அளக்கப்போகிறோம் என்பதிலேயே சோதனை முடிவாகிவிடுகிறது. இணைச் சோதனை எப்போதும் சாதகமாக வரும் என்பதும் இல்லை. அது கணக்கில் df என்று வந்த டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடமில் பாதியை விலையாகக் கேட்கிறது: 22-க்குப் பதில் 11. அதனால் டி மதிப்பு தாண்டவேண்டிய எல்லை 2.07-இலிருந்து 2.20-க்கு ஏறுகிறது. ஒட்டுறவு பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் இந்த விலை வீண். அப்படி வந்தாலும் ஒரே வகுப்பின் முன்-பின் தரவு இணைத் தரவுதான், பெயரை மாற்ற முடியாது. சொல்லப்போனால் அப்போது கேட்கவேண்டியது வேறு: ஒரே பிள்ளைகளின் இரண்டு மதிப்பெண்களுக்கும் உறவே இல்லையென்றால், இரண்டு தேர்வும் ஒரே விஷயத்தைத்தான் அளந்தனவா, அல்லது வரிகள் எங்காவது இடம் மாறிவிட்டனவா?

இயல்நிலைப் பரவல் பற்றியும் கேட்டார், வழிகாட்டி கேட்பாராம். மதிப்பெண்கள் இயல்நிலையில் இருக்கவேண்டும் என்பதில்லை, வேறுபாடுகள் அதற்கு ஓரளவு அருகில் இருந்தால் போதும். பன்னிரண்டு புள்ளிகளை ஒரு கோட்டில் போட்டுப் பார்த்தோம். தனியே ஒதுங்கி நிற்கும் புள்ளி எதுவும் இல்லை. யாராவது ஒருவர் மட்டும் 15 கூடியிருந்தால் விசாரித்திருப்பேன், வில்காக்சன் குறித்தரச் சோதனையையும் ஓட்டியிருப்பேன்.

பி மதிப்பு 0.003 என்றதும் அவர் முடிவுரையைத் திருத்தத் தொடங்கினார். "காகித மடிப்பு முறை பயனுள்ளது என நிறுவப்பட்டது." அந்த வரியில் நிறுத்தினேன். சோதனை சொன்னது, இரண்டு வாரத்தில் இந்த வகுப்பின் சராசரி உயர்ந்தது, அது தற்செயலாக மட்டும் வந்திருப்பது அரிது என்பதுதான். ஏன் உயர்ந்தது என்று அதற்குத் தெரியாது. காகிதம் காரணமாக இருக்கலாம். அதே மாதிரிக் கேள்விகளை இரண்டாம் முறை பார்த்தது காரணமாக இருக்கலாம். மாலை டியூஷனில் அதே பாடம் நடந்திருக்கலாம். அட்டவணையை இன்னொரு முறை பார்த்தால், 10 மற்றும் அதற்குக் கீழே எடுத்த நால்வர் 3, 3, 4, 5 என்று கூடியிருக்கிறார்கள். 17 மற்றும் அதற்கு மேலே எடுத்த மூவர் 2, 2, 0. மெல்லக் கற்போருக்கு இந்த முறை அதிகம் உதவியது என்று எழுத ஆசையாக இருக்கும். ஆனால் முதல் தேர்வில் ஏதோ காரணத்தால் குறைத்து எழுதியவர் அடுத்த தேர்வில் தன் வழக்கமான இடத்துக்குத் திரும்புவதும் இதே கோலத்தைத்தான் போடும். 25-க்கு 21 எடுத்தவருக்கு ஏற இடம் நாலே புள்ளி என்பதும் இருக்கிறது.

ஆகவே முடிவுரை இப்படி ஆயிற்று: "இரு தேர்வுகளையும் எழுதிய 12 மாணவர்களின் சராசரி 13.0-இலிருந்து 15.0-க்கு உயர்ந்தது. சராசரி உயர்வு 2.0, 95 சதவீத இடைவெளி 0.8 முதல் 3.2 வரை; இணை மாதிரி டி(11) = 3.73, பி = 0.003. ஒரு தேர்வை மட்டும் எழுதிய மூவர் (முன்தேர்வு 5, 7, பின்தேர்வு 18) சேர்க்கப்படவில்லை. ஒப்பீட்டு வகுப்பு இல்லாததால் உயர்வுக்கான காரணத்தை இந்த ஆய்வு பிரித்துக் காட்டாது."

அடுத்த பருவத்தில் தசம எண்களுக்கு இதையே செய்தார். இம்முறை பி பிரிவுக்கும் அதே இரு தேர்வுகள், வழக்கமான கற்பித்தலோடு. தாளில் முதல் பத்தியே வரிசை எண். தொலைபேசியில் கேட்டார்: "இப்ப நாலு பத்தி இருக்கு சார். இதுக்கு எது?"

ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னிலிருந்து முன்னைக் கழிக்கச் சொன்னேன். ஏ பிரிவுக்கு ஒரு வேறுபாட்டுப் பத்தி, பி பிரிவுக்கு ஒரு வேறுபாட்டுப் பத்தி. இணை அங்கே கழித்தலிலேயே முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது இரு வேறு பிள்ளைகளின் கூட்டம், ஒரு பத்தியைக் குலுக்கினால் எதுவும் அழியாது.

"அப்ப 1 இல்லை, 2-ஆ?"

"3 போடுங்க. ரெண்டு வகுப்போட பரவலும் சமம்னு யார் சொன்னா?"